ஒரு கோப்பு, நாலு முடிவுத் திகதி: எதைக் கலண்டரில் போடுவது?

கேள்வி: கல்முனையில் இருந்துகொண்டு இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் நடத்தும் ஒரு கம்பனிக்கு மனிதவளப் பதிவு வேலை செய்கிறோம். நாங்கள் மூன்று பேர். 140 வெளிநாட்டு ஊழியர்களின் கோப்புகளைப் பார்த்து, வேலை விசா முடியும் திகதியையும் ஸ்பொன்சர் என்ற முறையில் கம்பனி செய்ய வேண்டிய கடமைகளையும் எடுத்து ஒரு கலண்டரில் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஆளின் கோப்பில் நாலு முடிவுத் திகதி கிடக்கிறது. எதை எடுப்பது? கடமைகளுக்கோ திகதியே இல்லை. அவற்றை எப்படிப் போடுவது? — வாசகி, கல்முனை

பதில்: உங்கள் எக்செல் தாளில் "விசா முடிவு" என்று ஒரே ஒரு நிரல் இருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. நிரல் ஒன்று, திகதி நாலு என்றால், தட்டச்சுச் செய்கிறவர் கோப்பில் முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். பிறகு அது எங்கிருந்து வந்த திகதி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊழியர் 37 என்று ஒருவரை வைத்துக்கொண்டு அந்த நாலையும் பார்ப்போம். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரில் 90 நாள் காலம் இருக்கும். அது நாட்டுக்குள் நுழைவதற்குக் கொடுத்த காலம். ஆள் உள்ளே போய் வேலை தொடங்கிவிட்டால் அந்தத் திகதியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்தது பி.ஆர்.பி என்ற வதிவிட அனுமதி அட்டை. அதில் 31/12/2024 என்று இருக்கும். இதுதான் ஆகப் பெரிய பொறி. விசா 2026 வரைக்கும், 2027 வரைக்கும் இருந்தவர்களுக்கும் அட்டையில் அந்த ஒரே திகதியைத்தான் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அட்டை முறையே முடிவுக்கு வந்து எல்லாரும் இணையத்தில் மட்டும் இருக்கும் ஈ-விசாவுக்கு மாறினார்கள். ஆகவே அது அட்டையின் ஆயுள். ஆளின் அனுமதி அதோடு முடியவில்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்தவரின் அட்டையிலும் அதே 31/12/2024 இருக்கும். அவருக்கோ முடிவுத் திகதியே கிடையாது.

மூன்றாவது, கம்பனி ஊழியருக்கு வழங்கும் ஸ்பொன்சர் சான்றிதழ். சிஓஎஸ் என்று எல்லாரும் சொல்வது. ஊழியர் 37க்கு அதில் தொடக்கம் 01/10/2023, முடிவு 30/09/2026. நாலாவது, ஊழியர் கொடுத்த ஷெயார் கோட்டை அரசின் தளத்தில் போட்டுக் கம்பனி பார்த்த வேலை உரிமைச் சோதனைப் பக்கம். ஆளின் படத்தோடு பி.டி.எஃப் ஆகக் கோப்பில் இருக்கும். அதில் 14/10/2026.

வேலை செய்யும் உரிமை எப்போது முடிகிறது என்பதற்கு நாலாவது மட்டும்தான் ஆதாரம். மூன்றாவதையும் தூக்கி எறியாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: செப்டெம்பர் 30, ஒக்டோபர் 14. சரியாக 14 நாள். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவைச் சிஓஎஸ் முடிவுக்குப் பின் 14 நாள் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். இந்த 14தான் உங்கள் 140 கோப்புக்கும் கிடைத்த தராசு. இரண்டு திகதியையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சுச் செய்யட்டும். பக்கத்தில் ஒரு நிரலில் கழித்துப் பாருங்கள்:

```
=IF(D2-C2=14,"OK","CHECK")
```

C என்பது சிஓஎஸ் முடிவு, D என்பது ஈ-விசா முடிவு. CHECK என்று வருவதெல்லாம் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்பதே என்ன நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடும். கழித்தால் பெரிய எதிர்க்கணியம் வந்து, D இல் 31/12/2024 இருந்தால் யாரோ பி.ஆர்.பியைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஓராண்டு இரண்டாண்டு என்று வித்தியாசம் வந்தால் கோப்பில் பழைய சிஓஎஸ் மட்டும் இருக்கிறது, நீட்டித்தபோது கொடுத்த புதியது இன்னும் வந்து சேரவில்லை. C வெறுமையாக இருந்தால் அந்த ஆளைக் கம்பனி ஸ்பொன்சர் செய்யவில்லை. கணவனின் அல்லது மனைவியின் விசாவில் வந்திருக்கலாம், மாணவராக இருக்கலாம். அவருக்கு விசா முடிவு கலண்டரில் வரும், ஸ்பொன்சர் கடமைகள் வரா. வித்தியாசம் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் மாதக்கணக்கில் வந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கடைசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத பிழை. கடையில் வாங்கிய மடிகணினி பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில அமைப்போடு வரும். அதற்கு மாதம் முதலில், நாள் பிறகு. இங்கிலாந்திலிருந்து வந்த சி.எஸ்.வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் 04/03/2027, அதாவது மார்ச் 4, ஏப்ரல் 3 ஆக மாறிவிடும். முப்பது நாள் பிந்திய திகதி. எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் 14/10/2026 மாறாது. பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் திகதியாகவே எடுக்காமல் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. நிரலின் ஒழுங்கமைப்பை நீங்கள் தொடாமல் இருந்தால், எழுத்தாக நின்றவை இடப்பக்கம் ஒட்டியிருக்கும், திகதியானவை வலப்பக்கம் ஒட்டியிருக்கும். ஒரே நிரலில் பாதி இடம், பாதி வலம் என்று நின்றால் வலப்பக்கம் உள்ளவை எல்லாம் இடம் மாறியவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்படி மாறிய பிறகு அங்கங்கே திருத்தப் போகாதீர்கள், எதைத் திருத்தினோம் எதை விட்டோம் என்று தெரியாமல் போகும். அந்தத் தாளை மூடிவிட்டு, மூலக் கோப்பை மறுபடியும் எடுத்து, அந்த நிரலை எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து, இந்தச் சூத்திரத்தால் திகதியாக்குங்கள்:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
```

Text to Columns வழியாகப் போகிறவர்கள் மூன்றாவது படியில் Date என்பதற்கு DMY தெரிவு செய்தாலும் போதும்.

மனிதவள மென்பொருளில் இருந்து நேரடியாகத் தரவு இறக்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திகதி 2026-06-14T23:00:00Z என்ற வடிவில் வரும். முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் ஜூன் 14. ஆனால் கடைசியில் உள்ள Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. கோடையில் இங்கிலாந்து அதைவிட ஒரு மணித்தியாலம் முன்னே இருப்பதால் அங்கே அது ஜூன் 15 நள்ளிரவு 12 மணி. கோடைகாலத் திகதிகள் மட்டும் ஒரு நாள் குறைவாக வருகின்றன, மாரிகாலத் திகதிகள் சரியாக இருக்கின்றன என்றால் காரணம் இதுதான். மேலே சொன்ன 14 நாள் கணக்கு 13 என்று காட்டி இதையும் பிடித்துவிடும்.

140 கோப்புக்கு இதைத் தானியக்கமாக்கப் புரோகிராம் எழுதலாமா என்று யோசிப்பீர்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப் நிறைய இருந்தால் வேண்டாம் என்பேன். எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள் 1ஐ 7 ஆக்கும், 0வை ஓ எழுத்தாக்கும். அதைச் சரிபார்க்கும் நேரத்தில் கையாலேயே இரண்டு தடவை தட்டச்சுச் செய்துவிடலாம். ஆனால் ஒன்று: ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, அந்த ஆவணம் எந்த நாளில் எடுத்தது என்று இரண்டு நிரல் கட்டாயம் வேண்டும். ஈ-விசாப் பக்கம் 2023இல் எடுத்ததா, சென்ற மாதம் எடுத்ததா என்பது பெரிய வித்தியாசம்.

இனி ஊழியர் 37இன் கலண்டர். விசா 2026 ஒக்டோபர் 14, புதன்கிழமை முடிகிறது. அந்த நாளை மட்டும் போட்டு வைத்தால் அது எச்சரிக்கை ஆகாது, செய்தி அறிவிப்பாகத்தான் இருக்கும். பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

ஆக முதல் பதிவு ஆளின் பெயரில் வராது, கம்பனியின் பெயரில் வரும். நீட்டிப்புக்குக் கம்பனியிடம் கையிருப்பில் சிஓஎஸ் இருக்க வேண்டும். உள்நாட்டு நீட்டிப்புகளுக்குப் பயன்படும் சிஓஎஸ் ஒதுக்கீட்டின் ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. பாவிக்காமல் மிஞ்சியது அதோடு போய்விடும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே, வரும் ஏப்ரல் 6க்குப் பிறகு எத்தனை பேருக்கு நீட்டிப்பு வேண்டும் என்று எண்ணிக் கொடுப்பது உங்கள் வேலை. D நிரலை வைத்து COUNTIFS போட்டால் இரண்டு நிமிடம். பல கம்பனிகளில் இந்த எண்ணிக்கைதான் தவறுகிறது. ஆளுக்கு ஆள் நினைவூட்டல் இருக்கும், சிஓஎஸ் கையிருப்பு மட்டும் இருக்காது.

அடுத்தது ஜூலை 1. புதிய சிஓஎஸ் ஒக்டோபர் 1இல் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால் அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. சிஓஎஸ்ஸும் வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பத்தில் பயன்பட வேண்டும். "நேரத்தோடு செய்து வைப்போம்" என்று மே மாதமே வழங்கிவிட்டால் ஓகஸ்ட்டில் அது செல்லாமல் போகும். சீக்கிரம் செய்வதும் இங்கே ஒரு பிழைதான். ஜூலை முதல் வாரம் வழங்குவது என்று போடுங்கள்.

பிறகு செப்டெம்பர் 14, திங்கட்கிழமை: விண்ணப்பம் போய்விட்டதா, புதிய விசா வந்துவிட்டதா என்று பார்க்கும் நாள். வந்திருந்தால் கம்பனி புதிய ஷெயார் கோட் வாங்கிச் சோதனையை மறுபடி செய்து பக்கத்தைச் சேமிக்கும். D நிரலில் புதிய திகதி ஏறும். இந்த வரிசை மறுபடி தொடங்கும். ஷெயார் கோட் 90 நாளைக்குத்தான் செல்லும். மே மாதத்தில் ஊழியர் அனுப்பிய பழைய கோட்டை மின்னஞ்சலில் தேடி எடுத்துப் போடுவதில் பயன் இல்லை.

ஒக்டோபர் 14: கடைசி நாள். இங்கே இரண்டு கிளை இருக்கிறது, கலண்டர் பதிவிலும் இரண்டையும் எழுதி வையுங்கள். விண்ணப்பம் 14ஆம் திகதிக்குள் போயிருந்து முடிவு மட்டும் வரவில்லை என்றால் ஆளின் பழைய உரிமை தொடரும். விண்ணப்பித்ததற்கான சான்று கம்பனியின் கையில் இருந்தால், உள்துறை அமைச்சின் வேலைகொள்வோர் சோதனைச் சேவையிடம் உறுதிக் கடிதம் வாங்க 28 நாள் கிடைக்கும். அது நவம்பர் 11. கடிதம் வந்தால் அதில் உள்ள திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குப் புதிய பதிவு ஒன்று போட வேண்டும், அந்தக் கடிதத்துக்கும் ஆயுள் உண்டு. விண்ணப்பமே போகவில்லை என்றால் இந்த 28 நாள் கிடையாது. 15ஆம் திகதி காலை அவரை வேலைக்கு விடக் கூடாது. நவம்பர் 11ஐ எல்லாருக்கும் பொதுவான சலுகைக் காலமாகக் கலண்டரில் போட்டுவைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. உரிமையில்லாத ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், மறுபடி நடந்தால் 60,000 வரை.

உங்களுடையது பராமரிப்பு இல்லக் கம்பனி என்பதால் இன்னொரு பதிவும் வேண்டும். பராமரிப்பு ஊழியர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பது 2025 ஜூலை 22இல் நின்றுவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அந்த வேலையில் நீட்டிக்க 2028 ஜூலை 22 வரை இடைக்காலம் வைத்திருக்கிறார்கள். அந்த நாளைத் தாண்டி விசா முடிகிறவர்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். மற்றபடி, கம்பனியின் ஸ்பொன்சர் உரிமம் நாலு வருடத்தில் முடிகிறது என்று பழைய கடிதம் ஏதாவது கோப்பில் இருந்தால் அதைக் கலண்டரில் ஏற்ற வேண்டாம். 2024 ஏப்ரல் 6 முதல் அந்தப் புதுப்பித்தலே இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடமைகளுக்குத் திகதி இல்லை என்கிறீர்கள். இருக்கவும் முடியாது. அவை ஒரு சம்பவம் நடந்தால் ஓடத் தொடங்கும் மணிக்கூடுகள். ஆகவே கலண்டரில் முன்கூட்டியே எதுவும் போட முடியாது. தனியாகச் "சம்பவத் தாள்" ஒன்று வேண்டும்: ஊழியர் இலக்கம், என்ன நடந்தது, எந்த நாளில், யார் அறிவித்தார். அதிலிருந்து கெடு தானாகக் கணக்காகி, அது மட்டும் கலண்டருக்குப் போகும்.

பெரும்பாலானவற்றை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கக் கெடு 10 வேலை நாள்: சம்பளம் குறைந்தது, வேலை இடம் மாறியது, ஆள் விலகினார், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஸ்பொன்சர் தேவையற்றுப் போனது. கம்பனியின் விலாசம் மாறுவது போன்றவற்றுக்கு 20 வேலை நாள். சிக்கல் வருவது, மணிக்கூடு எப்போது தொடங்குகிறது என்பது உடனே தெரியாத மூன்றில்தான்.

ஒன்று, வேலை தொடங்காமை. சிஓஎஸ் தொடக்க நாள், நுழைவு ஸ்டிக்கர் செல்லுபடியாகத் தொடங்கும் நாள், விசா கிடைத்ததாக ஆளுக்கு அறிவித்த நாள், இவற்றில் எது ஆகப் பிந்தியதோ அதிலிருந்து 28 நாளுக்குள் ஆள் வேலை தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் அந்த 28 நாள் முடிந்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சூத்திரத்தில் MAX போடுங்கள். சிஓஎஸ் தொடக்கத்தை மட்டும் எடுத்தால் இல்லாத கெடுவைக் காட்டி எல்லாரையும் பதறவைக்கும்.

இரண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவது. தொடர்ந்து 10 வேலை நாள் தாண்டினால் அறிவிக்க வேண்டும், பத்தாவது நாளுக்குப் பின் 10 வேலை நாள் கெடு. ஒருவர் 2026 மார்ச் 16 திங்கள் முதல் வரவில்லை என்று எடுத்துக்கொள்வோம். பத்தாவது நாள் மார்ச் 27 வெள்ளி. அங்கிருந்து எண்ணினால் மார்ச் 30, 31, ஏப்ரல் 1, 2 என்று நாலு. ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, விடுமுறை. ஏப்ரல் 6 ஈஸ்டர் திங்கள், இங்கிலாந்தில் விடுமுறை. 7 முதல் 10 வரை இன்னும் நாலு. பிறகு 13, 14. ஆக, கெடு ஏப்ரல் 14. உங்களுக்குப் புரிந்திருக்கும்: நம்முடைய சித்திரைப் புத்தாண்டு. 13உம் 14உம் கல்முனையில் அலுவலகம் பூட்டு, கடை பூட்டு. லண்டனில் அது சாதாரணத் திங்களும் செவ்வாயும்.

```
=WORKDAY(B2,10,UKHOLS)
```

B2 என்பது பத்தாவது நாள். UKHOLS என்ற பட்டியலில் இங்கிலாந்தின் வங்கி விடுமுறைகள் மட்டுமே இருக்க வேண்டும். யாராவது நல்லெண்ணத்தோடு அந்தப் பட்டியலில் போயா நாட்களையும் புத்தாண்டையும் தைப்பொங்கலையும் சேர்த்துவிட்டால், எக்செல் உங்களுக்கு இல்லாத அவகாசத்தைக் காட்டும். நம்முடைய விடுமுறைகளுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். கெடு அந்த நாட்களில் விழுந்தால் நினைவூட்டலை முன்னுக்கு இழுப்பதுதான் அதன் வேலை, கெடுவைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. கம்பனிக்கு ஸ்கொட்லாந்தில் இல்லம் இருந்தால் அதற்கு மூன்றாவது பட்டியல் வேண்டும். அங்கே ஈஸ்டர் திங்கள் வங்கி விடுமுறை இல்லை. அந்தப் பட்டியலோடு எண்ணினால் இதே கெடு ஏப்ரல் 13க்கு வந்துவிடும்.

மூன்று, சம்பளமில்லாத லீவு. ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை, எல்லாம் சேர்த்து 4 வாரத்தைத் தாண்டினால் கம்பனி ஸ்பொன்சர் செய்வதை நிறுத்த வேண்டி வரும். மகப்பேற்று லீவு, சுகவீன லீவு போன்றவை இதில் சேரா. இது மணிக்கூடாக ஓடுவதில்லை, உண்டியல் போல நிரம்புகிறது. ஜனவரியில் ஐந்து நாள், ஜூனில் எட்டு நாள், கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நின்ற பத்து நாள் என்று சிறிது சிறிதாகச் சேரும்போது தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சம்பளப் பட்டியலில் இருந்து மாதாமாதம் கூட்டி, மூன்று வாரம் ஆனதும் கலண்டரில் பதிவு விழுமாறு வையுங்கள். டிசெம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரிக்குள் நீளும் லீவை இரண்டு ஆண்டுக்கும் பிரித்து எழுத வேண்டும். முழுவதையும் லீவு தொடங்கிய ஆண்டில் போட்டால், நிறுத்தத் தேவையில்லாத ஒருவரை நிறுத்த நேரும்.

கலண்டருக்குள் ஏற்றும்போது கூகுள் கலண்டரின் சி.எஸ்.வி மாதிரியில் மாதம்தான் முதலில் வரும் என்பதை மறக்காதீர்கள். இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய திகதி கடைசி வாசலில் மறுபடி புரளும். ஐ.சி.எஸ் கோப்பாகக் கொடுத்தால் குழப்பமே இல்லை. பதிவு ஒன்று இப்படி இருக்கும். இதற்கு மேலே BEGIN:VCALENDAR, VERSION:2.0, PRODID:-//HR//EN வரிகளும் கீழே END:VCALENDAR வரியும் வரும்:

```
BEGIN:VEVENT
UID:emp037-rtw-202610
DTSTAMP:20260105T060000Z
DTSTART;VALUE=DATE:20260914
SUMMARY:EMP037 RTW check
END:VEVENT
```

VALUE=DATE என்று இருப்பதால் இது முழுநாள் பதிவு. நேரம் போட்டுப் பதிந்தால் இங்கிலாந்தில் நள்ளிரவு என்பது நமக்கு மாரியில் காலை 5.30, கோடையில் 4.30. நாங்கள் நள்ளிரவு 12.05க்குப் பதிந்தது அவர்களுக்கு முந்திய நாளில் போய் நிற்கும். தலைப்பில் ஊழியர் இலக்கம் மட்டும் போடுங்கள். பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கலண்டரில் வேண்டாம், அது பத்துப் பேரின் கைத்தொலைபேசித் திரையில் தோன்றும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேலை உரிமைச் சோதனையைக் கம்பனியின் ஆள்தான் செய்ய வேண்டும். உங்களைப் போல வெளியில் இருந்து பதிவு வேலை செய்கிறவர் செய்தால் கம்பனிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போகும். சோதனைப் பக்கத்திலிருந்து திகதியை எடுத்து எழுதுவதுதான் உங்கள் பங்கு. அறிவித்தல்கள் போகும் ஸ்பொன்சர் தளமும் அப்படித்தான், அதைப் பயன்படுத்துகிறவர் பிரித்தானியாவில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது. "நாங்கள் பிஸி, நீங்களே உள்ளே போய் அறிவித்துவிடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் கடவுச்சொல் வந்தால் வாங்காதீர்கள். பதிலுக்கு, கெடுவும் ஊழியர் இலக்கமும் எழுதிய மின்னஞ்சலை அந்தத் தளத்தைப் பயன்படுத்தும் அதிகாரிக்கே அனுப்பி, அறிவித்த நாளை அவர் திருப்பி எழுதும் வரை சம்பவத் தாளில் அந்த வரியை மூடாமல் வையுங்கள்.